கூட்டு டிக்கெட்டா, சொந்த டிக்கெட்டா?

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயில் வேலை செய்கிறார். ரூமில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 திர்ஹாம் போட்டு ஆன்லைனில் லாட்டரி எடுக்கிறார்கள். டிக்கெட் எல்லாம் ஒருத்தர் பேரில்தான். பெரிசா விழுந்து அவர் தர மாட்டேன் என்றால் என்ன செய்வது? எழுதி வாங்கினால் செல்லுமா? நானும் இங்கிருந்து ஒரு பங்கு போடலாமா? (வாசகி, பென்னாகரம்)

பதில்: எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பணம் விழுந்த பிறகு "கூட்டே கிடையாது" என்று சொல்பவர்கள் குறைவு. "கூட்டு உண்டுதான், ஆனா விழுந்தது என் சொந்தக் காசில் எடுத்த டிக்கெட்" என்பதுதான் வழக்கமான பேச்சு. ஆன்லைன் ரசீது ஒருவருடைய மெயிலுக்குத்தான் போகும். அதே பேரில், அதே குலுக்கலுக்கு, அவர் தனக்கென்று இன்னொன்றும் எடுத்திருக்கலாம். நடத்துகிற நிறுவனம் டிக்கெட்டில் பேர் உள்ளவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அதனால் குலுக்கலுக்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்பில் மாதாமாதம் ஒரு செய்தி போக வேண்டும்: குலுக்கல் தேதி, டிக்கெட் எண்கள், யார் யார் எவ்வளவு போட்டார்கள், கூடவே ரசீதின் படம். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள். பேர் கொடுப்பவர் தனக்கென்று எடுக்கும் டிக்கெட்டின் எண்ணையும் குலுக்கலுக்கு முன் குரூப்பில் சொல்ல வேண்டும், சொல்லாதது கூட்டுக்கே சேரும் என்று. இதற்குச் சம்மதிக்காதவர் பேரில் டிக்கெட் எடுக்காமல் இருப்பதே நல்லது. குரூப்பில் செய்திகள் தானாக அழியும் வசதியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப்பைக் காட்ட 2023-ம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவை. பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தகராறு, ஒரு மாதம் காசு போடாதவரைப் பற்றியது. பாலக்கோட்டுக்காரர் ஒருவர் லீவில் ஊருக்கு வந்தபோது "எனக்கும் சேர்த்துப் போட்டுடுங்க, வந்து தர்றேன்" என்று போனில் சொன்னாராம். அந்த மாதம் 1,00,000 திர்ஹாம் விழுந்தது. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 10,000. ஒன்பது பேர் என்றால் 11,111. ஒன்பது பேருக்கும் திடீரென்று அந்தப் போன் பேச்சு மறந்துபோனது. சீட்டுப் போடுகிற நம் ஊரில் தவணை தவறினால் என்ன என்பதை முதல் நாளே பேசிவிடுவோம். லாட்டரியில் மட்டும் விட்டுவிடுகிறோம். "டிக்கெட் எடுக்கும் முன் காசு வராவிட்டால் அந்த மாதம் பங்கில்லை. வேறொருவர் அவருக்காகப் போட்டால் அதை அன்றே குரூப்பில் எழுத வேண்டும்" என்று இருந்தால் போதும்.

சரி, இது சட்டப்படி செல்லுமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். ஆனால் இந்தப் பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டவில்லை. பந்தயத் தொழிலுக்கான கூட்டு என்பதாலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லியிருக்கிறது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ல் வந்த ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பைச் சொல்லலாம். சேர்ந்து பிங்கோ ஆடப் போன மூன்று தோழிகளில் ஒருத்திக்குப் பெரிய தொகை விழுந்தது. "பிரிச்சுக்கலாம்னு பேசினோமே" என்று மற்ற இருவரும் வழக்குப் போட்டார்கள். அது சும்மா பேசிய பேச்சு, ஒப்பந்தம் இல்லை என்று முடிந்தது.

டிக்கெட்காரர் துபாயிலேயே இருந்தால் வழக்கும் அங்கே, அந்த நாட்டுச் சட்டப்படிதான். அவர் ஊர் திரும்பி, சொந்த ஊர் அரூர் என்று வைத்துக்கொண்டால், இங்கேயும் உரிமையியல் வழக்குப் போடலாம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் இங்கிருந்து பங்கு போட வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003-லிருந்தே தடை. தவிர, லாட்டரி டிக்கெட் வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2000-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் நேரடியாகத் தடுக்கின்றன. அப்படிப் போட்ட பங்கைக் கேட்டு இங்கே கோர்ட்டுக்குப் போனால் உங்கள் பேச்சு எடுபடாது. வீட்டுக்காரர் தன் சம்பளத்தில் இரண்டு பங்காகப் போட்டுக்கொள்ளட்டும்.

விழுந்தால் டிக்கெட்காரர் உங்கள் தருமபுரி வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பக் கூடாது. உறவில்லாதவர் தரும் பணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், அதை அன்பளிப்பு என்று வைத்து வருமான வரித்துறை உங்களிடம் வரி கேட்கலாம். முதலில் வீட்டுக்காரரின் துபாய் கணக்குக்கு வரட்டும். பிறகு அவர் தன் என்ஆர்இ கணக்கு வழியாக உங்களுக்கு அனுப்பலாம். கணவர் மனைவிக்குக் கொடுப்பதற்கு அன்பளிப்பு வரி கிடையாது.