கேமரா செயலியில் உரிமையாளர் யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஊரில் அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் நான்கு கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு என்விஆர் பெட்டியும் பொருத்தியிருக்கிறோம். நான் வெளியூரிலிருந்து செல்பேசியில் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்கிறார் ஒருவர். க்யூஆர் குறியீடு போதும் என்கிறார் இன்னொருவர். எது பாதுகாப்பானது? கடவுச்சொல்லையும் அப்டேட்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

க்யூஆர் சொன்னவர் பக்கம்தான் நான். போர்ட் திறக்க வேண்டாம். ஆனால் அந்தக் குறியீட்டை உங்களுக்கு முன்னால் யார் ஸ்கேன் செய்தார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டில் கேமரா வைத்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். பொருத்த வந்தவர் வேலையை முடித்து, அப்பாவின் செல்பேசியில் படம் தெரியும்படி செய்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து ஊருக்குப் போய், என் பெயரில் செயலிக் கணக்கு தொடங்கி பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த குறியீட்டை ஸ்கேன் செய்தேன். 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது' என்று வந்தது. கூடவே பாதி மறைத்த ஒரு செல்பேசி எண். கடைசி இரண்டு இலக்கங்கள் எங்கள் வீட்டில் யாருடையவையும் அல்ல. பொருத்தியவர் தன் கணக்கில் சேர்த்து, அதிலிருந்து அப்பாவுக்குப் பகிர்ந்திருக்கிறார். எங்கள் முற்றம் அவர் கைக்குள் இருந்தது.

அவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பழுது வந்தால் நேரில் வராமல் பார்க்கலாம் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறாராம். விஷயம் அவருடைய நாணயம் பற்றியதல்ல. அந்த எண்ணை அவர் விட்டுவிட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். செயலியோ ஓடிபி வந்தால் உள்ளே விடும். புது எண் வாங்கிய யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்கு உரிமையாளராகிவிடுவார்.

அவரையே போனில் அழைத்து, தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. அவர் கிடைக்காவிட்டால், சில கருவிகளில் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே என்விஆரின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பழைய கணக்கிலிருந்து விடுவிக்கலாம். சிலவற்றில் வாங்கிய ரசீதோடு நிறுவனத்துக்கு எழுதினால்தான் நடக்கும். பிறகு என் கணக்கில் சேர்த்து, அப்பாவுக்கும் தங்கைக்கும் 'நேரலை மட்டும்' என்ற அனுமதியோடு பகிர்ந்தேன். ஒரே கணக்கை நான்கு பேர் வைத்துக்கொள்வதைவிட இது நல்லது: ஒருவர் செல்பேசி தொலைந்தால் அவருடைய பகிர்வை மட்டும் வெட்டினால் போதும்.

இனி போர்ட் கதைக்கு வருகிறேன். க்யூஆர் வழியில் என்விஆர்தான் உள்ளிருந்து வெளியே போய், தயாரிப்பாளரின் சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருக்கிறது. நீங்கள் செயலியைத் திறந்ததும் அந்த சர்வர் இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைக்கிறது. முடிந்தால் படம் நேரே உங்களுக்கு வரும். முடியாவிட்டால் சர்வர் வழியாகச் சுற்றி வரும். உங்கள் ரவுட்டரில் கதவு எதுவும் திறப்பதில்லை. போர்ட் திறந்தால் என்விஆரின் நுழைவுப் பக்கம் உலகத்துக்கே தெரியும். இணையம் முழுவதையும் இடைவிடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் ஏராளம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் அப்படித் தட்டித்தான் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அதனிடம் இருந்தது கருவிகளோடு வரும் 60-க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான். அந்தப் படையைக் கொண்டு அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் தடுமாறின.

உங்களிடம் போர்ட் திறக்கச் சொன்னவருக்கு ஒரு சேதி. பல இணைய நிறுவனங்கள் இப்போது ஒரே பொது முகவரியை நிறைய வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன. ரவுட்டர் அமைப்புகளில் WAN எனப்படும் வெளி இணைப்புப் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். அங்கே போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, நீங்கள் உட்பட. எப்படியானாலும் என்விஆரிலும் ரவுட்டரிலும் UPnP என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும் வசதி.

கடவுச்சொல்லில் பலர் குழம்புவது, அது ஒன்று என்று நினைப்பதால்தான். செயலிக் கணக்குக்கு ஒன்று, என்விஆரின் admin கணக்குக்கு ஒன்று, படத்தை மறையாக்கம் செய்யும் சரிபார்ப்புக் குறியீடு ஒன்று. இந்த மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. பல கருவிகளில் அது வரிசை எண்ணுக்குக் கீழே அதே லேபிளில் அச்சாகியிருக்கும். பொருத்துபவர்கள் அந்த லேபிளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். எங்கள் வீட்டு லேபிளும் இரண்டு குழுக்களில் கிடந்தது. என்விஆர் அமைப்புகளில் அந்தக் குறியீட்டை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் லேபிள் வெறும் காகிதம்.

என்விஆர் கடவுச்சொல் ஏன் எங்கும் admin123 ஆகவே இருக்கிறது தெரியுமா? டிவி திரையில் மிதக்கும் விசைப்பலகையில், மௌஸைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக அழுத்த வேண்டும். ஏணியில் ஏறி இறங்கிக் களைத்தவர் 16 எழுத்து அடிப்பாரா? அவரை அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். பல பெட்டிகள் 16 எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை என்பதால் அந்தப் பதினாறையும் முழுதாகப் பயன்படுத்துங்கள். தொடர்பில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் ஓர் எண்ணும் ஒரு குறியும் சேர்த்தால் போதும்:

```
Ammi7nandu-Kolam
```

இதையே வைத்துவிடாதீர்கள். @ : / ஆகிய குறிகளைத் தவிர்ப்பதும் நல்லது. பிற்காலத்தில் கணினியிலோ வேறு செயலியிலோ கேமராவை நேரடி முகவரி கொடுத்துப் பார்க்க நேர்ந்தால் கடவுச்சொல் அந்த முகவரிக்குள்ளேயே வரும்:

```
rtsp://பெயர்:கடவுச்சொல்@192.168.1.64:554/
```

அதில் @ இருந்தால் கடவுச்சொல் எங்கே முடிகிறது என்று நிரலுக்குத் தெரியாது. 'கடவுச்சொல் தவறு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நான்கைந்து முறை முயன்றால் பெட்டி பூட்டிக்கொள்ளும். நான் இதில் ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். மீட்பு மின்னஞ்சலையும் அப்போதே பதிந்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். அதைத் திருடுபவனுக்குக் கேமரா பார்க்கும் தேவை இருக்காது. செயலிக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு உண்டென்றால் அதையும் போடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அப்டேட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 செப்டம்பரில் வெளியான ஒரு பிழையே சான்று. ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றில் அது இருந்தது. CVE-2021-36260 என்பது அதன் எண். கருவியின் நுழைவுப் பக்கத்தை எட்ட முடிந்த எவரும், பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமலே, கருவியை முழுதாகத் தன் வசப்படுத்தலாம். அங்கே என் பதினாறு எழுத்தும் ஒன்றுதான், admin123-உம் ஒன்றுதான். தீர்வு, கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுவது ஒன்றே. போர்ட் திறக்காதவர்களுக்கு அதை ஏற்றும்வரை கொஞ்சம் அவகாசம் இருந்தது.

செல்பேசியில் செயலி புதுப்பிக்கப்படுவது வேறு, பெட்டியின் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படுவது வேறு. என்விஆரைப் புதுப்பித்தாலும் கேமராக்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு பெட்டி, நான்கு கேமராக்கள். ஆக ஐந்து கணினிகள் என்று கணக்கு வையுங்கள். ஐந்தின் மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயாரிப்பாளரின் தளத்தோடு ஒப்பிடுங்கள். மாடல் எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். பக்கத்து மாடலின் கோப்பை ஏற்றினால் கருவி எழுந்திருக்காமலே போகலாம்.

அப்டேட்டை வெளியூரிலிருந்து செய்யாதீர்கள். நான் ஒருநாள் இரவு பெங்களூரில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினேன். பாதியில் ஊரில் மின்சாரம் போனது. மறுநாள் அப்பா டிவியைப் போட்டால் நிறுவனத்தின் சின்னம் மட்டும் தெரிகிறது, அதைத் தாண்டவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து பெட்டி திரும்ப பத்து நாளானது. இப்போதெல்லாம் ஊருக்குப் போகும்போது, பெட்டியை இன்வெர்ட்டர் இணைப்பில் செருகிவிட்டு, பகலில் ஒவ்வொன்றாகச் செய்கிறேன். முடிந்ததும் மூன்றைப் பார்ப்பேன்: பதிப்பு எண் மாறியதா, UPnP மறுபடி உயிர்பெற்றதா, கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா. பிறகு செல்பேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பேன். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே 'வெளியிலிருந்து தெரிகிறது' என்று திருப்திப்பட்டுக் கிளம்பிவிடுபவர்கள் அதிகம்.

அந்த நேரத்திலேயே என்விஆரின் பதிவேட்டில் உள்நுழைவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். எங்களுக்குத் தெரியாத பயனர் பெயரோ, யாரும் விழித்திராத நேரத்து உள்நுழைவோ தென்பட்டால் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் மாட்டுத் தொழுவத்துக் கேமரா ஒன்று மிகப் பழையது. தயாரிப்பாளர் அதற்கு ஃபர்ம்வேர் வெளியிடுவதை நிறுத்திவிட்டார். படம் நன்றாகவே இருப்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் நெட்வொர்க் பக்கத்தில் நிலையான முகவரி கொடுத்து, வெளியே போகும் வழியைக் குறிக்கும் Gateway என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன். அதனால் இணையத்துக்கு நேரே போகத் தெரியாது. என்விஆருக்குப் படம் அனுப்ப மட்டும் தெரியும். நான் செயலியில் பார்ப்பது என்விஆர் வழியாகத்தான் என்பதால், பெங்களூரிலிருந்து பார்த்தாலும் மாடு அசைபோடுவது தெரிகிறது.