தேதி மாறினால் எந்த டிக்கெட்?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகிறேன். பத்து பயணத்தில் மூன்று தடவையாவது மீட்டிங் தேதி மாறிவிடும், ஒன்று ரத்தே ஆகிவிடும். மலிவான டிக்கெட் எடுப்பதா, தேதி மாற்றக்கூடிய விலை கூடிய டிக்கெட்டா?

பதில்: 'இலவசமாகத் தேதி மாற்றலாம்' என்றால் பெரும்பாலும் மாற்றுக் கட்டணம் கிடையாது என்று மட்டும்தான் அர்த்தம். புதிய தேதியில் டிக்கெட் விலை ஏறியிருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். மலிவு டிக்கெட்டை மாற்றினாலும் அதே கதைதான். அதனால் வித்தியாசத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போடுவோம்.

மலிவு டிக்கெட் 100, மாற்றுக் கட்டணம் 40, ரத்து செய்தால் பணம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது 150; கட்டணமில்லாமல் மாற்றலாம், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். பத்து பயணத்துக்கு மலிவில் 1000, மூன்று மாற்றத்துக்கு 120, ஆக 1120. ரத்தான பயணத்தின் 100 இதற்குள்ளேயே போய்விட்டது. விலை கூடியதில் ஒன்றுக்குப் பணம் திரும்பியதுபோக ஒன்பதுக்கு 1350. மலிவுதான் ஜெயிக்கிறது, அதுவும் நல்ல வித்தியாசத்தில்.

மாற்றவே முடியாத மலிவு டிக்கெட் என்றால் படம் மாறும். மாறிய மூன்று தடவையும் பழைய டிக்கெட் வீண், புதிதாக வாங்க வேண்டும், 1300 ஆகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமம். இன்னும் ஒரு மீட்டிங் தள்ளிப்போனாலே மலிவு தோற்றுவிடும். ஆகவே விலையைவிட முதலில் 'மாற்றலாமா, எவ்வளவு கட்டணம்' என்ற வரியைத்தான் தேட வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த பயணத்துக்கான வரவாக மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. அதையும் பாருங்கள்.

உங்களுக்கு எந்தப் பக்கம் மாறுகிறது என்றும் யோசியுங்கள். மீட்டிங் தொடங்கும் நாள் உறுதி, முடிவதுதான் இழுக்கிறது என்றால், போகும் பயணத்துக்கு மலிவும் திரும்புவதற்கு மாற்றக்கூடியதும் தனித்தனி டிக்கெட்டாக எடுக்கலாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு வகையையும் கலந்தால், பல நேரம் கடுமையான விதியே முழு டிக்கெட்டுக்கும் வந்து உட்கார்ந்துவிடும். சில தடங்களில் போகவர சேர்த்து எடுப்பதே மலிவு என்பதால் இரண்டு விலையையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரம். ஒருமுறை நான் விலை கூடிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு, மீட்டிங் நீண்டதால் விமானம் கிளம்பிய பிறகுதான் போன் செய்தேன். வராத பயணி என்று பதிவாகி மொத்தப் பணமும் போயிற்று. புறப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்பு வரை மாற்றலாம் என்பது விதியிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்து, போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் இருக்கையும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். மீட்டிங் இழுக்கிறது என்று தெரிந்ததுமே, புதிய தேதி முடிவாகாவிட்டாலும், ஏதோ ஒரு பின்தேதிக்கு மாற்றிவிடுங்கள். அதை மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.