வகிடு இடம் மாறியது ஏன்?

கேள்வி: ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். என் மாமியாரின் தலைசாமான் வீட்டில் இருக்கிறது: நெற்றிச்சுட்டி, இரண்டு பக்கச் சரங்கள், சூரியப்பிறை, சந்திரப்பிறை. முழுவதையும் ஏற்ற வேண்டும் என்கிறார் மாமியார். மகள் சென்னையில் வேலையில் இருப்பதால், அவள் கைபேசியில் தன்னைத்தானே எடுத்து அனுப்பிய படத்தை வைத்துப் பார்க்கிறேன். நெற்றி பெரிதாகத் தெரிகிறது. சிறு வயதிலிருந்து இறுக்கிப் பின்னி நடு வகிடுதான் எடுப்போம். ஒரு வருடமாக வகிட்டை இடப்பக்கம் மாற்றிக்கொண்டாள், கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அது போகட்டும். முழு செட் பொருந்துமா, சுட்டி மட்டும் போதுமா?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: எதைப் போகட்டும் என்று ஒதுக்கினீர்களோ, சகோதரி, உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே இடத்தில் வகிடு எடுத்த பெண் அதைப் புது மோஸ்தருக்காக மாற்றியிருந்தால், நீங்கள் கேட்டவுடன் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். பேச்சை மாற்றுகிறாள் என்றால், நடு வகிட்டில் முடி குறைந்து தலைத்தோல் தெரிகிறதோ என்று அவள் கண்ணாடி முன் நின்று கவலைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நெற்றிச்சுட்டியின் சங்கிலி படிவது அந்த நடு வகிட்டின் மேல்தான். அவள் மறைக்க நினைக்கும் இடத்தின் மேல் விளக்கேற்றி வைப்பதைப் போல நகையை வைக்கப் பார்க்கிறீர்கள். ஏன் என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. இது தாயின் கடமையில் விழுந்த குறை என்றே சொல்வேன்.

கையில் இருக்கும் படத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கை நீளத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகும். கைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தால் நெற்றி உள்ளதைவிட அகலமாகவும் உயரமாகவும் விழும். சில கைபேசிகள் முன் கேமராவில் எடுத்ததைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியே சேமிப்பதால், வகிடு எந்தப் பக்கம் என்பதிலும் ஏமாந்துபோவோம். அவளுடைய தோழி ஒருத்தியை ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். முடி எண்ணெய் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், பின்னால் வாரியிருக்க வேண்டும், பிளாஷ் கூடாது. எண்ணெயும் பிளாஷும் தலைத்தோலைப் பளபளக்க வைத்து வகிட்டை உள்ளதைவிட அகலமாகக் காட்டிவிடும். அடுத்து, நடு வகிடு எடுத்துத் தலையைக் குனிந்து, மேலிருந்து ஒரு படம். இந்த இரண்டும் உங்கள் கண்ணுக்கு மட்டும் உரியவை. உறவினர் குழுவில் போட்டு அபிப்பிராயம் கேட்காதீர்கள்.

மேலிருந்து எடுத்த படத்தில், வகிடு உச்சந்தலையில் எவ்வளவு அகலம், நெற்றியை நெருங்கும்போது எவ்வளவு அகலம் என்று ஒப்பிடுங்கள். அதே பெண்ணின் கல்லூரிக்காலப் படம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி விரிந்திருந்தால் முடி மெலிந்திருக்கிறது. நேர்ப் படத்தில் நெற்றியோரப் பொட்டுப் பகுதியின் முடியோரத்தை, புருவ முனைகளுக்கு மேலே இரு பக்கமும், பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய குட்டை முடிகள் வரிசையாக நிற்க, அதற்குப் பின்னால் சற்று வெறுமையாக இருந்தால், அது ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பின்னியதால் வேர் இழுபட்டதன் அடையாளம். இறுக்கியது யார் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் இழுப்பதை நிறுத்தினால் அந்த முடி மீண்டும் வளரக்கூடும்; நாள்பட்டுவிட்டால் வேரே அழிந்துபோகும். வகிடு விரிவதற்கு இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. அதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது, தோல் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இனி நகைக்கு வருகிறேன். முழுத் தலைசாமானில் பக்கச் சரங்கள் முடியோரத்தை ஒட்டியே வளைந்து சென்று காதுக்கு மேலே கொக்கியில் மாட்டப்படும். அதாவது சரத்தின் எடை முழுவதும் அந்தப் பொட்டுப் பகுதி முடியில்தான் தொங்கும். அங்கே மெலிந்திருந்தால் சரங்கள் வேண்டாம், மாமியார் என்ன சொன்னாலும் வேண்டாம். பிறைகள் இரண்டும் வகிட்டின் இரு புறமும் உட்காருபவை என்பதால் விரிந்த வகிட்டிலிருந்து பார்வையைத் திருப்பும். ஆனால் உள்ளே அரக்கு நிரப்பிய பழைய பிறை கனமாக இருக்கும். அதை முன்முடியில் பின் குத்தி நிறுத்தாமல், கறுப்பு நூலால் பின்னலின் அடிக்கட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். சுட்டிச் சங்கிலியின் கொக்கியையும் அப்படியே பின்னால் அடர்ந்த முடியில் மாட்டினால், சங்கிலி வகிட்டின் மேல் சும்மா படிந்திருக்கும், முன்முடியை இழுக்காது.

சுட்டியின் அளவை இப்படிப் பாருங்கள். நடு வகிடு தொடங்கும் முடியோரத்திலிருந்து புருவ நடு வரை நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அது ஆறரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சுட்டியின் பதக்கம் மூன்று சென்டிமீட்டர், கீழே தொங்கும் முத்து ஒன்று என்றால், பொட்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் மிஞ்சும், அது போதும். பதக்கம் ஐந்து சென்டிமீட்டராக இருந்தால் முத்து பொட்டின் மேலேயே இடித்துக்கொண்டு நிற்கும். நகையின் அளவுக்குக் காகிதத்தில் வெட்டி நூலில் கட்டி அவள் நெற்றியில் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்தால், நகையைச் சென்னைக்கு அனுப்பாமலே தெரிந்துவிடும். அவள் இடப்பக்க வகிட்டையே வைத்துக்கொள்ள விரும்பினால், சங்கிலியை அந்த வகிட்டில் விடக் கூடாது. பதக்கம் நடுவிலிருந்து விலகிச் சாய்ந்து தொங்கும். வகிடே இல்லாமல் முன்முடியைத் தளர்வாகப் பின்னால் வாரி, சங்கிலியை நடுவில் படியவிட்டால் நேராக நிற்கும், மெலிந்த இடமும் மூடிப்போகும். உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: நடுவில் சுட்டி, பிறைகள் இரண்டு, சரம் கிடையாது.

ஆவணியில் உங்கள் மண்டபம் ஊரில் கச்சான் காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும். சரம் இல்லாத சுட்டி காற்றில் புரளும் என்பதால், பதக்கத்துக்கு மேலே உள்ள சங்கிலியை முடியோரத்தில் ஒரு சிறு கறுப்புக் கிளிப்பால் பிடிக்கச் சொல்லுங்கள். அலங்காரம் செய்பவர் பசை போட்டு ஒட்டுகிறேன் என்பார். கடலோரப் புழுக்கத்தில் வியர்த்தால் அது நிற்காது. தங்கச்சிமடம் மல்லிகையையும் முழம் முழமாக உச்சியிலிருந்து சுற்றாமல் பின்னலின் கீழ்ப்பாதியில் வையுங்கள். ஈரப் பூவின் கனத்தோடு சவுரியின் கனமும் சேர்ந்தால், நகை இழுக்காததை அவை இழுத்துவிடும்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடிக்கப் பார்க்காதீர்கள். ராமேசுவரத்திலிருந்து வரும் ரயில் மண்டபத்தில் நிற்கிறது, ஏறிச் சென்னைக்குப் போங்கள். அவளை உட்கார வைத்து உங்கள் கையாலேயே தலை வாரிவிடுங்கள், வகிட்டைப் பற்றி அவளே பேசும்வரை நகைப் பேச்சை எடுக்காதீர்கள். மாமியாரிடம் நீங்களே பேசுங்கள், பேத்தியைப் பேச வைக்காதீர்கள்; நகை குடும்பத்துடையது, தலை அவளுடையது. சரங்களைச் சுட்டியிலிருந்து பிரிக்கப் பத்தரிடம் கொடுக்கும்போது வெட்டச் சொல்லாமல், மறுபடி மாட்டிக்கொள்ளும்படி வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.