தமிழ் பேசத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை: என்ன டியூஷன் போடலாம்?

கேள்வி: புனேயிலிருந்து சென்னைக்கு மாறி வந்து ஒரு மாதம் ஆகிறது. பையன் 7-ஆம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. வீட்டில் தமிழ்தான் பேசுவான், ஆனால் எழுத்து தெரியாது, அங்கே மராத்தியும் இந்தியும்தான் படித்தான். பக்கத்து டியூஷன் சென்டரில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 48,000 ரூபாய், இந்த வாரமே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்கள் பையனுக்கு அவசரமாகத் தேவைப்படுவது தமிழ் ஒன்றுதான், அதுவும் முப்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாத தமிழ். கணக்கும் அறிவியலும் அங்கேயும் இங்கேயும் ஆங்கிலத்தில்தானே? தமிழ்நாட்டுப் பாடநூல் கழக இணையதளத்தில் 6-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொண்டு, பாடத்துக்கு நான்கு கணக்கு போடச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் திணறுகிறானோ அதை மட்டும் நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் போதும். முதல் தேர்வு மதிப்பெண் வந்த பிறகும் இடித்தால் அப்போது கணக்கு டியூஷனை யோசிக்கலாம்.

தமிழைத் தள்ளிப்போட முடியாது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி மெட்ரிக் பள்ளியிலும் தமிழ் கட்டாயப் பாடம், 10-ஆம் வகுப்பில் அந்தத் தாள் வரும். மூன்று வருடம் இருக்கிறது, நன்றாகவே போதும், ஆனால் ஆரம்பம் சரியாக இருக்கவேண்டும்.

என் அக்கா மகள் நாக்பூரிலிருந்து 6-ஆம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது முதலில் போட்ட டியூஷனில் நாங்கள் ஏமாந்தோம். டீச்சர் கோனார் உரை போல ஒரு கைடைக் கொடுத்து அதைப் பார்த்து எழுத வைத்தார், நோட்டு அழகாக நிறைந்தது, இரண்டு மாதத்தில் செய்யுள்கூட ஒப்பித்தாள். ஒரு நாள் பேருந்துப் பலகையைக் காட்டி வாசி என்றால் விழிக்கிறாள். எழுத்துகளைப் படமாக வரைந்திருக்கிறாளே தவிர, படிக்கவில்லை. அடுத்து எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் கிடைத்தார். பாடப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

இந்தி படித்த பிள்ளைக்கு எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே ka, kha, ga, gha என்று நான்கு எழுத்து, இங்கே ஒரே 'க'. அதனால் 'தங்கம்' எழுதும்போது மெல்லிய 'க' எங்கே என்று தேடுவார்கள். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மை, 'ங்'குக்குப் பின்னால் மென்மை என்று பத்துச் சொல்லோடு சொன்னதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. 'கெ', 'கே' எழுதும்போது கொம்பு முன்னால் வருவது குழப்பினால், இந்தியில் 'கி' எழுதும்போதும் குறி முன்னால்தானே வருகிறது என்று காட்டினார். 247 எழுத்து என்று பயமுறுத்தவே இல்லை, 12 உயிர், 18 மெய், அப்புறம் குறிகள், அவ்வளவுதான். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, எட்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பேசி வையுங்கள். முதல் வகுப்பில் பையனிடம் 7-ஆம் வகுப்புப் பாடத்தை நீட்டினால் வேண்டாம். எழுதத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று அவர் சோதித்தால் நல்ல அறிகுறி. ஒரு மாதம் கழித்து அவன் பார்த்திராத நான்கு வரி வாசிக்கக் கொடுங்கள், ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டும் மெதுவாகவாவது வந்தால் தொடருங்கள். பள்ளியில் அவனுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியரே வீட்டுக்கு வந்து டியூஷன் எடுக்கிறேன் என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள், கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

வீட்டுப்பாடத்துக்கு இந்த ஆறு மாதமும் நீங்கள்தான் துணை. கேள்வியை நீங்கள் வாசியுங்கள், பதிலை அவன் வாயால் சொல்லட்டும், பேச்சுத் தமிழ் இருக்கிறதே, அதை நீங்கள் எழுதிக்காட்டி அவன் பார்த்து எழுதட்டும். இப்படிச் செய்வதாக வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவன் திட்டு வாங்காமல் இருப்பான். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் வாசிப்புக்கு கிரிக்கெட் செய்தித் தலைப்புகளைக் கொடுங்கள்.

பணத்தை மாதாமாதம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பின்னால் எப்போதாவது பெரிய சென்டரில் சேர்த்தாலும் இதுவே. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்கிறது, ஆனால் அது 50 மாணவருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான், அமல்படுத்த வேண்டியதும் மாநில அரசு. அதை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். தவணை முறை என்று சொல்லி உங்கள் பெயரில் கடன் பத்திரம் நீட்டினால் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், பையன் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. ஏற்கெனவே ஏதாவது முன்பணம் கொடுத்துத் திருப்பித் தர மறுத்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழையுங்கள்.