பித்தக் குழாயில் தெரியும் கருப்புப் புள்ளி

கேள்வி: எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன் படத்தில் வெள்ளையான பித்தக் குழாய்க்குள் ஒரு கருப்புப் புள்ளி தெரிகிறது. அது கல்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தேங்கி நிற்கும் நீர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஸ்கேனை எடுக்கிறோம். அதனால் பித்தநீரும் கணையநீரும் வெள்ளை. குழாய்க்குள் நீர் இல்லாத இடமெல்லாம் கருப்பு. கல்லும் கருப்பு, காற்றுக் குமிழும் கருப்பு. சில சமயம் வேகமாக ஓடும் பித்தநீர்கூட குழாயின் நடுவில் கருப்பாக விழும்.

நான் ரேடியாலஜிஸ்ட். இப்படி ஒரு புள்ளியைப் பார்த்தால் முதலில் தேடுவது குறுக்குவெட்டுப் படங்களைத்தான். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். கல் முதுகுப் பக்கம் இறங்கும், காற்று வயிற்றுப் பக்கம் மிதக்கும். ஓட்டத்தால் வந்த கருப்பு பெரும்பாலும் நட்டநடுவில் இருக்கும், வேறு கோணத்தில் எடுத்த படத்தில் காணாமல் போய்விடும்.

ஒருவரைச் சொல்கிறேன். முன்பே இஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியே எண்டோஸ்கோப்பைக் குடல்வரை விட்டு, பித்தக் குழாயின் வாயை வெட்டி விரித்திருந்தார்கள். மறுபடி வலி, லேசான மஞ்சள் காமாலை. பொதுப் பித்தக் குழாய் 10 மி.மீ. அகலம், உள்ளே இரண்டு கருப்பு. மேலே இருந்தது முன்பக்கம் ஒட்டியிருந்தது, அதன் அடிவிளிம்பு கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. அது காற்று, குழாயின் வாய் வெட்டப்பட்டவர்களுக்குக் குடலிலிருந்து ஏறுவது சகஜம். கீழே, கணையத்தின் தலைப்பகுதிக்குள், பின்சுவரில் 5 மி.மீ. அளவில் இன்னொன்று. அதற்கு முன்னால் பிறை வடிவில் பித்தநீர் வெள்ளையாகத் தெரிந்தது. அதுதான் கல்.

வேடிக்கை என்னவென்றால், குழாய்கள் முழுவதும் மரக்கிளைபோல் தெரியும் அந்த அழகான முப்பரிமாணப் படத்தில் கீழே இருந்த கல் தெரியவே இல்லை. பல மெல்லிய படங்களை அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் மிக வெளிச்சமான புள்ளியை மட்டும் எடுத்து உருவாக்கும் படம் அது. சுற்றியுள்ள பித்தநீரின் வெளிச்சத்தில் சின்னக் கல் மூழ்கிவிடும். ஆனால் பலர் கையில் வைத்துக்கொண்டு 'கிளியராத்தானே இருக்கு' என்று கேட்பது அந்தப் படத்தைத்தான்! கல்லை அதற்கு மூலமான மெல்லிய படங்களில்தான் தேட வேண்டும்.

குழாய் குடலில் திறக்கும் இடத்தில் இன்னொரு குழப்பம். அங்கே இருக்கும் சுருக்குத்தசை இறுகியிருக்கும் நேரத்தில் படம் எடுத்தால், கல் வந்து அடைத்ததுபோலவே வெள்ளை திடீரென்று வளைவாக முடியும். சரி, சில நிமிடம் விட்டுத் திரும்ப எடுத்தால் போதும். தசை என்றால் குழாய் திறந்து வெள்ளை கீழே வரை போகும். கல் என்றால் அப்படியே இருக்கும்.

அதே இடத்தில் 5 மி.மீ.க்கும் குறைவான கல் சிக்கியிருந்தால் எம்ஆர்சிபி தவறவிடக்கூடும், ஏனென்றால் அதைச் சுற்றி வெள்ளையாகக் காட்டப் பித்தநீரே இருக்காது. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு ஏறிக்கொண்டே போனால், எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கடைசித் துண்டைக் குடலுக்குள்ளிருந்து மிக அருகில் பார்ப்பது அதுதான்.