ஜப்பான் நூடுல்ஸ் பாக்கெட்டின் போட்டோவை வைத்து இறால் இருக்கிறதா என்று பார்ப்பது

கேள்வி: தம்பி டோக்கியோவிலிருந்து கப் நூடுல்ஸ் வாங்கி வருகிறானாம். போட்டோ மட்டும் அனுப்பியிருக்கிறான், எல்லாம் ஜப்பானிய எழுத்து. என் பையனுக்கு இறால் அலர்ஜி. போட்டோவை வைத்தே இது என்ன நூடுல்ஸ், இதில் இறால் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

முடியும், ஆனால் இந்தப் போட்டோவை வைத்து அல்ல. தம்பி அனுப்பியது முன்பக்கம்தானே? அதை கூகுள் லென்ஸில் போட்டால் பெயர் வந்துவிடும். பெயர் தெரிவதால் மட்டும் உள்ளே இருப்பது தெரிந்துவிடாது. நிஸ்ஸினின் டொன்பெய் உடோன் என்று ஒரு கப் இருக்கிறது. கிழக்கு ஜப்பானில் விற்பதற்கும் மேற்கில் விற்பதற்கும் சூப் வேறு வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்; பொடி எழுத்தில் E, W என்று போட்டிருப்பதுதான் அடையாளம். அதே பெயரில் வெளிநாட்டுக்கென்று தயாராகும் பாக்கெட்டில் பொருள்கள் இன்னும் வேறாக இருக்கலாம்.

நாங்கள் ஏழு வருடம் யோகோஹாமாவில் இருந்தோம். என் மகளுக்கும் இறால் ஆகாது. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம், ஜப்பானிலிருந்து மச்சினன் எதையாவது வாங்கும் முன் போட்டோ அனுப்புவான். அவனிடம் நான் கேட்பது இரண்டு படம்: பார்கோடு, அப்புறம் 原材料名 என்ற தலைப்பு இருக்கும் கட்டம். அதுதான் பொருள்கள் பட்டியல். கப் வளைவாக இருப்பதால் ஒரே படத்தில் ஓர எழுத்துகள் நசுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம். ビ என்ற எழுத்தின் மேல் இரண்டு சின்னக் கோடு, ピ மேல் ஒரு சின்ன வட்டம். படம் மங்கினால் போன் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். இறாலுக்கான சொல்லான エビ அங்கேயே தப்பிவிடும்.

பார்கோடு 45 அல்லது 49 என்று தொடங்கினால் எண்ணைப் பதிவு செய்த நிறுவனம் ஜப்பானியது. எங்கே தயாரித்தது என்பதை அது சொல்லாது. எண்ணை ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ் தளத்திலோ தயாரிப்பாளரின் தளத்திலோ தேடினால் பொருளின் சரியான பெயர் கிடைக்கும். அங்கே இருக்கும் பொருள் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸில் யாரோ ஒருவர் எப்போதோ ஏற்றியதாக இருக்கும், செய்முறை அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். கையில் இருக்கும் கப்பில் அச்சாகியிருப்பதுதான் கணக்கு.

இனி பட்டியலைப் படிப்பது. போனில் முழு மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஜப்பானிய எழுத்தை அப்படியே காப்பி செய்து ஒரு நோட்டில் ஒட்டி, அதில் えび, エビ, 海老 மூன்றையும் தேடுங்கள். மூன்றும் இறால்தான், எழுதும் விதம்தான் வேறு. ஜப்பான் சட்டப்படி இறால், நண்டு, கோதுமை, முட்டை, பால், நிலக்கடலை போன்ற சிலவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்; 2023-இல் வால்நட்டையும் சேர்த்தார்கள். பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் （一部に小麦・卵・えび・大豆を含む） என்ற மாதிரி ஒரு அடைப்புக்குறி இருக்கும். 'இதில் ஒரு பகுதி கோதுமை, முட்டை, இறால், சோயா கொண்டது' என்று பொருள். அப்படிக் கடைசியில் இல்லையென்றால் ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அடைப்பில் போட்டிருப்பார்கள். அந்த முறையில் ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்பதால் முதலிலிருந்து முடிவு வரை பார்க்க வேண்டும்.

இதோடு நின்றுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்தக் கிம்ச்சி நூடுல்ஸ் வரும் வரை.

மச்சினன் அனுப்பிய படத்தில் கடைசி அடைப்புக்குறியில் கோதுமை, பால், எள், சோயா, கோழி, பன்றி இருந்தது. えび இல்லை. சரி என்று சொல்லப் போனவன் பட்டியலை ஒருமுறை மேலிருந்து பார்த்தேன். சூப் பொருள்களின் நடுவில் アミ塩辛 என்று ஒரு சொல். மொழிபெயர்ப்பு அதை 'வலை' என்று காட்டியது, ஜப்பானிய மொழியில் வலைக்கும் அமி என்றுதான் பெயர். இங்கே அது வலை இல்லை. இறால் போலவே இருக்கும் பொடி உயிரினம், உப்பில் ஊறப்போட்டுக் கிம்ச்சியில் சேர்ப்பார்கள். நம்மூர்க் கூனிப்பொடி ஞாபகம் வரும்.

கட்டாயப் பட்டியலில் இருக்கும் 'எபி' என்ற சொல்லுக்கு ஜப்பானில் ஒரு வரையறை உண்டு. சிங்கி இறால், லாப்ஸ்டர் வரை அதற்குள் வரும். ஆனால் アミ, オキアミ என்ற கிரில், シャコ என்ற மாண்டிஸ் ஷ்ரிம்ப் ஆகியவை வராது. எனவே அவை உள்ளே இருந்தாலும் கடைசியில் えび என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான இறால் அலர்ஜிக்குக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதமோ இந்த உயிரினங்களிலும் இருக்கிறது. எங்கள் மருத்துவர் இவற்றையும் ஒதுக்கச் சொன்னார். உங்கள் பையனுக்கு எப்படி என்று அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கப்பை மச்சினனே சாப்பிட்டுக்கொண்டான்.

ஆகவே தேடும் சொற்களில் アミ, あみ, オキアミ, シャコ நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். アミ என்று தேடினால் அநேகமாக எல்லா நூடுல்ஸிலும் ஒன்று மாட்டும்: 調味料（アミノ酸等）. பயப்பட வேண்டாம், அது அமினோ அமிலம், அஜினமோட்டோ வகை. アミக்குப் பிறகு ノ酸 வந்தால் விட்டுவிடலாம், 塩辛 வந்தாலோ தனியாக நின்றாலோ உஷார். இப்போது அச்சாகும் பாக்கெட்டுகளில் ／ என்ற சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது சேர்க்கைப் பொருள்கள் மட்டும். அமினோ அமிலம் அங்கேதான் இருக்கும், கிம்ச்சிச் சமாச்சாரம் கோட்டுக்கு முன்னால்.

魚介エキス என்று பார்த்தாலும் கை நடுங்கும், 'மீன், சிப்பி வகைச் சாறு' என்று பொத்தாம்பொதுவான பெயர். அதில் இறால் சேர்த்திருந்தால் பொதுவாக えび என்று எங்காவது சொல்ல வேண்டும்; ஆனால் வலையில் கலந்து வந்ததை வகை பிரிக்காமல் செய்த சாறு என்றால் 魚介類 என்று மட்டும் போட்டு நிறுத்த அனுமதி உண்டு. கிரில் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல் இருந்தால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண்ணுக்குத் தம்பி ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது, எண் அதே கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். வேலை நாளில் கூப்பிட்டால் நாங்கள் கேட்டபோதெல்லாம் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்கள்.

இன்னொன்று, கட்டத்துக்கு வெளியே 本品製造工場では、えび・かにを含む製品も生産しています என்று ஒரு வரி இருக்கலாம். இதே ஆலையில் இறால், நண்டு சேர்ந்த பொருள்களும் தயாராகின்றன என்று சொல்கிறது. இதைப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சிலர் போடுவார்கள், சிலர் போடுவதில்லை. வரி இல்லாததால் ஆலையில் இறாலே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடற்பாசித் தாள் தூவிய நூடுல்ஸில், அந்தப் பாசி இறாலும் நண்டும் வாழும் இடத்தில் எடுத்தது என்றுகூட எழுதியிருப்பார்கள். என் மகளுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யவில்லை, அதனால் இந்த வரிகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துளி பட்டாலே மூச்சுத் திணறும் பிள்ளை என்றால் இந்த வரி இருக்கும் கப்பைத் தம்பி கடையிலேயே வைத்துவிட்டு வரட்டும்.