பொறி பறக்கவில்லை என்றால்?

கேள்வி: மேட்ரிமோனி தளம் வழியாக அறிமுகமான ஒருவரை முதல் தடவையாக ஒரு காபி ஷாப்பில் சந்தித்தேன். ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினோம். ஆனால் எனக்கு அந்த ‘ஸ்பார்க்’ வரவில்லை. அவருக்கு என்னைப் பிடித்ததா என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் சந்திப்பிலேயே ஸ்பார்க் இல்லை என்றால் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஸ்பார்க் என்ற சொல்லை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசு வரவில்லை. தமிழில் அதற்குப் ‘பொறி’ என்று அருமையான சொல் இருக்கிறது. நெருப்பிலிருந்து தெறிப்பது பொறி. எலி பிடிக்க வைப்பதும் பொறி. கண், காது, மூக்கு என்று உடம்பில் உள்ள ஐந்தும் பொறி. முதல் சந்திப்பில் நடப்பது முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஐம்பொறி வழியாக வருவது நெருப்புப் பொறியாகப் பற்றிக்கொள்கிறது. பல பேரைக் கடைசியில் எலிப்பொறியில் கொண்டுபோய் விடுகிறது. நல்ல சொற்களைக் கைவிடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் வருஷக்கணக்காக எழுதி வருகிறேன். இனியும் எழுதுவேன்.

பொறி என்றதும் எனக்குக் காதல் ஞாபகம் வருவதில்லை, என் பழைய ஸ்கூட்டர்தான் ஞாபகம் வருகிறது. மழைக்காலத்தில் பாதி நாள் அது கிளம்பாது. எங்கள் தெரு மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றுவார். உப்புத்தாளால் முனையைத் தேய்ப்பார். மறுபடி மூடியில் செருகி, எஞ்சின் மேல் ப்ளக்கின் உடம்பு படும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைக் கிக்கரை உதைக்கச் சொல்வார். முனையில் நீலமாக ஒரு பொறி தெறிக்கும். நான் சந்தோஷப்படுவேன். அவர் சந்தோஷப்பட மாட்டார். “கரண்ட் வருது, அவ்வளவுதான் சார். டேங்குல பெட்ரோல் இருக்கா, எஞ்சின் இழுக்குமான்னு இது சொல்லாது” என்பார். முதல் சந்திப்பைப் பற்றி நான் படித்ததில் இவ்வளவு சரியான வாசகம் இன்னொன்று இல்லை.

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் வான்கூவர் நகரத்துக்குப் பக்கத்தில் கபிலானோ என்று ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில், காற்றில் ஆடுகிற பாலம். டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதன்மேல் நடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஆய்வின் முடிவுகள் 1974-இல் வெளிவந்தன. அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டி, அதற்குச் சின்னக் கதை எழுதச் சொல்வார். பிறகு தாளின் மூலையைக் கிழித்து, “ஆய்வைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் கூப்பிடுங்கள்” என்று ஒரு பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுப்பார். பக்கத்திலேயே ஆடாத, தாழ்வான, கெட்டியான மரப்பாலம் ஒன்றிலும் இதையே செய்தார்கள். எந்தப் பாலத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று தெரிய வேண்டுமே! அதற்காகத் தொங்கு பாலத்தில் குளோரியா என்றும், மரப்பாலத்தில் டோனா என்றும் பெயர் கொடுத்தார்கள்.

தொங்கு பாலத்தில் நம்பர் வாங்கியவர்கள் 18 பேர். அதில் 9 பேர் கூப்பிட்டார்கள். மரப்பாலத்தில் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டவர்கள் 2 பேர்தான். பயத்தில் படபடத்த நெஞ்சை, எதிரில் நின்ற பெண்ணால் படபடப்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தொங்கு பாலத்துக்கு வருகிறவர்களே துணிச்சல்காரர்களாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் அதே தொங்கு பாலத்தைக் கடந்து, இறங்கி, குறைந்தது 10 நிமிஷம் ஆறிப்போனவர்களிடமும் அந்தப் பெண்ணை அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களில் கூப்பிட்டவர்கள் குறைவு. பத்து நிமிஷத்தில் ஆறிப்போகிற பொறி!

இதிலும் ஓர் எல்லை உண்டு. படபடப்பு யாரையும் அழகாக்கிவிடாது. 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நின்ற இடத்திலேயே ஓடவைத்து மூச்சு வாங்கவைத்த ஆண்களுக்கு ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். அவர் அழகாக அலங்கரித்துக்கொண்டு வந்தபோது அவர்களுக்கு ஈர்ப்பு கூடியது. வேண்டுமென்றே அலங்கோலமாக வந்தபோது வெறுப்பு கூடியது. ஆக, படபடப்பு ஒலிபெருக்கி மாதிரி. பாட்டையும் பெரிதாக்கும், இரைச்சலையும் பெரிதாக்கும். நீங்கள் உட்கார்ந்ததோ காபி ஷாப். நாற்காலி ஆடவில்லை, யாரும் துரத்தவில்லை. அங்கே பொறி பறக்காததை வைத்து அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பேய்ப் படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது பறந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்தது, அந்தப் பொறிக்குள் என்னதான் இருக்கிறது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2017-இல் வந்தது. சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் செய்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு ஆண்மேல் வரும் ஈர்ப்பில் மூன்று பங்கு இருக்கிறது என்று அவர்கள் பிரித்தார்கள். உங்கள் கதையிலேயே சொல்கிறேன். நீங்கள் பத்துப் பேரைச் சந்தித்தால் பொதுவாகவே ஏழு பேரைப் பிடித்துப்போகும் ரகமா, ஒருவரைக்கூடப் பிடிக்காத ரகமா என்பது முதல் பங்கு. அது உங்கள் சுபாவம். அவர் பத்துப் பெண்களைச் சந்தித்தால் எட்டுப் பேருக்குப் பிடித்துப்போகும் ஆளா என்பது இரண்டாவது. அது அவருடைய முகம், பேச்சு, உடை. மூன்றாவதுதான் நீங்கள் தேடியது: உங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக, மற்றவர்களுக்கு அவரைப் பிடிப்பதைவிடக் கூடுதலாக, உங்களுக்கு மட்டும் அவரைப் பிடிப்பது.

மாணவர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் சில நிமிஷம் சந்திக்கவைத்து, யாருக்கு யாரைப் பிடித்தது என்று கேட்டார்கள். முதல் இரண்டு பங்கையும் கணினி ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட்டது. மூன்றாவது பங்கில் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை. அத்தனை விவரம் கையில் இருந்தும் குறிப்பிட்ட இந்த இருவர் ஒட்டுவார்களா என்பதைச் சொல்ல முடியவில்லை. படிப்பு, பழக்கம், பிடித்த பாட்டு எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து ஜோடி சேர்க்கிறோம் என்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

இந்த இரண்டாவது பங்கு பின்னாளைவிட ஆரம்பத்தில்தான் கூடுதலாகத் தெரிகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட்விக்கும் லூசி ஹன்ட்டும் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. சிறு வகுப்புகளில் மாணவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். வகுப்பு தொடங்கிய நாட்களில் யார் கவர்ச்சி என்பதில் வகுப்பே ஓரளவு ஒத்துப்போனது. மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டபோது அந்த ஒற்றுமை குறைந்து, அவரவர் ரசனை தலைதூக்கியிருந்தது. அதாவது முதல் நாள் உங்களுக்குப் பொறி தட்டினால், அவர் பலருக்கும் பொறி தட்டவைக்கும் ஆளாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கென்று உள்ளது பழகப் பழகக் கூடுதலாக வெளியே வரும்.

“ஆளைப் பார்த்த அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்” என்பவர்களோடு இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் சண்டை. எங்கள் உறவில் ஒரு பெரியவர், பெண் பார்க்கப் போகும் கூட்டத்தில் எப்போதும் முதல் வரிசையில் இருப்பார். கேசரித் தட்டு காலியாவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்ற சம்பந்தங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரிய வழியில்லை, நடக்கவே இல்லையே. அவர் சரி என்று சொல்லி நல்லபடியாக நடந்தவை மட்டும் ஊர் வாயில் நின்றன. பொறியை நம்புகிறவர்களுக்கும் இதே வசதிதான். பறந்து ஜெயித்த கதை கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். பறந்து அணைந்த கதையை யார் சொல்லப்போகிறார்கள்?

இனி, அவர் மனசைப் படிக்க முடியவில்லை என்றீர்களே, அது சுலபமும் இல்லை, அடியோடு முடியாததும் இல்லை. பெர்லினில், ஜோடி தேடுகிறவர்கள் ஒவ்வொருவரோடும் சில நிமிஷம் மட்டும் பேசிப் பார்க்கும் விரைவுச் சந்திப்புகளின் வீடியோக்களை அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பேசும் ஜெர்மன் மொழி புரியாது, முகமும் உடலும்தான் தெரியும். ஆண்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்பதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். வெறும் 10 விநாடித் துண்டே அதற்குப் போதுமாக இருந்தது. பெண்கள் விஷயத்தில் தடுமாறினார்கள். சில பெண்கள் சிரித்து, சாய்ந்து, கலகலப்பாகப் பேசினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆர்வம் இருக்கிறது என்றார்கள். அந்தப் பெண்களுக்கோ துளியும் ஆர்வம் இருக்கவில்லை. மரியாதைக்குச் சிரிப்பதும் மனசாரச் சிரிப்பதும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கிறது. சந்திப்பின் தொடக்கத்தைவிட நடுவிலும் முடிவிலும் எடுத்த துண்டுகள் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தன. அதனால், ஆர்டர் கொடுக்கும்போது அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துக் குழம்பாதீர்கள். பில் வந்த பிறகும் பேச்சை நீட்டினாரா? நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றைப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்துக் கேட்டாரா? அதை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இன்னொன்று. புதியவர்கள் இருவர் பேசி முடித்ததும், ‘எனக்கு அவரைப் பிடித்த அளவுக்கு அவருக்கு என்னைப் பிடித்திருக்காது’ என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது காதல் சந்திப்புகளை வைத்துச் செய்தது அல்ல, சாதாரண உரையாடல்தான். ஆனாலும் சந்தேகப்படுவது நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக இருப்பேன். பொறி இல்லாதது வேறு, உறுத்தல் இருப்பது வேறு. அவர் பரிமாறுகிறவரை அதட்டியது, வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை மறுபடி மறுபடி வற்புறுத்தியது, உங்கள் சம்பளத்தையே சுற்றிச் சுற்றி வந்தது, இப்படி ஏதாவது இருந்தால் இரண்டாம் சந்திப்பு தேவையே இல்லை. அப்படி ஒன்றும் இல்லை, ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால், விடாதீர்கள். மூன்று தடவையாவது பாருங்கள் என்பேன். மூன்று என்பது ஆய்வுக் கணக்கு அல்ல, என் கணக்கு. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று நேர்காணல் நடத்தவும் வேண்டாம். ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் நடங்கள். உக்கடம் பெரியகுளக்கரை ஒரு மாலைக்குப் போதும். இன்னொரு தடவை சேர்ந்து எதையாவது வாங்கப் போங்கள். பேரம் பேசும்போதும் வழி தவறும்போதும் தெரிகிற மனிதர் காபி ஷாப்பில் தெரிய மாட்டார்.

அவர் மனசில் என்ன என்பதற்கு முகத்தைப் படிப்பதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இன்றைக்கே அவருக்கு எழுதுங்கள்: “அன்றைக்குப் பேசினது நல்லா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளக்கரையில் நடக்கலாமா?”